தோற்றவர்களின் டெண்டரை முதலில் படியுங்கள்: விலைக் கூட்டுச்சதியைத் தணிக்கையில் கண்டுபிடிப்பது எப்படி

தணிக்கை வேலைக்கு வந்த புதிதில் டெண்டர் ஃபைலை நான் பார்த்த விதம் இதுதான். விளம்பரம் வந்ததா, வந்தது. நாலு பேர் விலை போட்டார்களா, போட்டார்கள். குறைந்த விலைக்காரருக்கு வேலை போனதா, போனது. டிக் அடித்து அடுத்த ஃபைலை எடுத்துவிடுவேன். ஜெயித்தவரின் காகிதங்களை மட்டும் ஒழுங்காகப் படிப்பேன், தோற்ற மூன்று பேருடையதைக் கட்டுக்கூடப் பிரிக்க மாட்டேன். அப்படி ஒதுக்கிய ஒரு கட்டை வேறொரு காரணத்துக்காகப் பிரிக்க வேண்டி வந்தபோதுதான் இத்தனை நாள் தப்பான பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று புரிந்தது. நிறுவனங்கள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு விலை போடும்போது ஜெயிக்கப்போகிறவர் தன் விலையைக் கவனமாகத்தான் தயாரிப்பார். தோற்பதற்காகப் போடுகிறவருக்கு அந்தக் கவலை இல்லை, ஒப்புக்கு எதையாவது நிரப்பிக் கொடுப்பார். தடயம் கிடக்கிற இடம் அதுதான்.

கூட்டுச்சதியில் பல வகை உண்டு. சிலர் போட்டியிலிருந்து விலகி நிற்பார்கள், சிலர் முறை வைத்து ஜெயிப்பார்கள், சிலர் பகுதி பிரித்துக்கொள்வார்கள். இங்கே நான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு வகை, டம்மி டெண்டர். அதாவது ஒருவர் ஜெயிக்க வேண்டும் என்பதற்காக மற்றவர்கள் வேண்டுமென்றே அதிக விலை போட்டு, போட்டி நடந்ததுபோலக் காட்டுவது. மேஜையில் உட்கார்ந்தபடி ஒரு ஃபைலை வைத்தே ஓரளவு கண்டுபிடிக்கக்கூடியது இதுதான்.

நான் பார்த்த ஃபைலையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். ஒரு கட்டடத்தின் பராமரிப்பு, பெயிண்ட் வேலை. மொத்தம் 42 ஐட்டம். நான்கு நிறுவனங்கள் போட்டிருந்தன, அவற்றை ஏ, பி, சி, டி என்று வைத்துக்கொள்வோம். ஜெயித்தது ஏ.

1. கேள்வி கேட்பதற்கு முன் காகிதத்தைக் கையில் எடுங்கள்

முதல் நாள் வேலை இதுதான், வேறு எதுவும் வேண்டாம். ஏன் இவ்வளவு அவசரம் என்றால், உங்களுக்கு வேண்டியவை எல்லாமே சீக்கிரம் காணாமல் போகிறவை. யாரும் திருட வேண்டியதில்லை, நடைமுறையிலேயே போய்விடும்.

தோற்றவர்களின் முன்வைப்புத் தொகைக்கான வங்கி உத்தரவாதம் வேலை உத்தரவு கொடுத்ததும் திருப்பித் தரப்படும். ஃபைலில் நகல் எடுத்து வைக்கவில்லை என்றால் 'திருப்பிக் கொடுத்தாயிற்று' என்று ஒரு வரிதான் மிஞ்சும். இணையதளம் வழியாக டெண்டர் வாங்கியிருந்தால் யார் எந்த ஐபி முகவரியிலிருந்து எத்தனை மணிக்கு ஏற்றினார்கள் என்ற பதிவு இருக்கும், ஆனால் அது எவ்வளவு காலம் வைத்திருக்கப்படும் என்பது அந்தத் தளத்தை நடத்துகிறவர்களின் விதியைப் பொறுத்தது. ஆகவே கடிதம் போடுவதில் முதல் கடிதம் அவர்களுக்குத்தான் போக வேண்டும். பதில் வர நாளாகும், அதுவரை மற்ற வேலையைப் பார்க்கலாம்.

எடுக்க வேண்டியவை: எல்லா டெண்டர்களின் முழு நகல், தோற்றவர்களுடையதும் தகுதி நீக்கப்பட்டவர்களுடையதும் சேர்த்து. டெண்டர் ஆவணத்தை வாங்கிவிட்டு விலை போடாமல் போனவர்களின் பட்டியல். டெண்டர் திறந்த அன்று எல்லார் முன்னாலும் வாசித்து எழுதிய திறப்புப் பதிவேடு. வங்கி உத்தரவாதங்கள். திருத்த அறிவிப்புகள். கடைசியாக, கணினிக் கோப்புகள் என்றால் ஏற்றப்பட்ட அசல் கோப்பு. யாராவது அச்செடுத்து மறுபடி ஸ்கேன் செய்து கொடுத்தால் அது உதவாது, ஏன் என்று நாலாவது படியில் சொல்கிறேன்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அலுவலகத்தில் ஒப்பீட்டு அட்டவணை என்று அழகாக ஒரு காகிதம் தருவார்கள், நான்கு பேரின் விலையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அதை வைத்து வேலையைத் தொடங்காதீர்கள். அந்த அட்டவணையில் கூட்டல் பெருக்கல் பிழைகளைத் திருத்திய பிறகான தொகைதான் இருக்கும். நமக்கு வேண்டியதே அந்தப் பிழைகள்தான்! திறப்புப் பதிவேட்டில் உள்ள தொகையையும், நிறுவனம் தன் கையால் நிரப்பிய விலைப்பட்டியலையும்தான் எடுக்க வேண்டும்.

இன்னொன்று, எல்லா டெண்டர்களையும் கேளுங்கள், குறிப்பிட்ட ஒன்றைக் கேட்காதீர்கள். வருடத்தில் ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்டவை எல்லாம் என்று கேட்டால் அது வழக்கமான தணிக்கைக் கேட்பு. 'சி நிறுவனத்தின் ஃபைல் மட்டும் வேண்டும்' என்று கேட்டால் அன்று மாலையே சி நிறுவனத்துக்கு விஷயம் போய்விடும்.

2. மொத்தத் தொகையை வைத்து ஒரு மேலோட்டக் கணக்கு

இது பத்து நிமிட வேலை. எதையும் நிரூபிக்காது, எந்த ஃபைலுக்கு நேரம் செலவழிக்கலாம் என்று மட்டும் சொல்லும்.

அலுவலக மதிப்பீட்டை 100 என்று வைத்துக்கொண்டால் நம் ஃபைலில் ஏ 97.2, பி 101.5, சி 102.8, டி 104.1. குறைந்ததிலிருந்து வரிசையாக எக்செலில் B முதல் E வரை போட்டுக்கொள்ளுங்கள்.

```
=STDEV.S(B2:E2)/AVERAGE(B2:E2)
=(C2-B2)/STDEV.S(C2:E2)
```

முதல் வரி விலைகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும். நமக்கு 0.0295 வந்தது, அதாவது 3 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. தனித்தனியாகக் கணக்குப் போடுகிற நான்கு பேர், 42 ஐட்டம் உள்ள ஒரு வேலைக்கு, இவ்வளவு நெருக்கமாக வந்து நிற்பது கொஞ்சம் ஆச்சரியம்தான். சுவிட்சர்லாந்தின் டிசினோ மாநிலத்தில் 1999 முதல் 2005 வரை தார்ச்சாலை ஒப்பந்தக்காரர்கள் பேசி வைத்து விலை போட்ட வழக்கில் இந்த எண் சராசரியாக 3 சதவீதம் அளவில் இருந்தது, கூட்டு உடைந்த பிறகு 10 சதவீதத்தை ஒட்டிப் போனது. அதற்காக 3 என்றால் திருட்டு, 10 என்றால் யோக்கியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லாரும் ஒரே ஆலையிலிருந்து வாங்கி விற்கிற பொருள் என்றால் விலைகள் இயல்பாகவே ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். உங்கள் அலுவலகத்தில் அதே வகை வேலைக்கு வந்த மற்ற டெண்டர்களோடு ஒப்பிட்டால்தான் இந்த எண்ணுக்கு அர்த்தம் வரும்.

இரண்டாவது வரி எனக்கு அதிகம் பிடித்தது. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் உள்ள இடைவெளியை, தோற்றவர்களுக்குள் இருக்கும் சிதறலோடு ஒப்பிடுகிறது. நம் ஃபைலில் அந்த இடைவெளி 4.3. தோற்ற மூவரோ 1.3, 1.3 என்று படிக்கட்டு வைத்தது போல நிற்கிறார்கள், அவர்களின் சிதறல் 1.3. வகுத்தால் 3.3 வருகிறது. இந்த எண் ஒன்றைத் தாண்டினாலே நான் நின்று பார்ப்பேன். ஏன் இப்படி ஆகிறது என்றால், டம்மி போடுகிறவருக்கு ஒரே ஒரு பயம்தான், தவறிப்போய் ஜெயித்துவிடக் கூடாது. அதனால் ஜெயிக்கிறவரிடமிருந்து பத்திரமான தூரத்தில் நிற்பார். அதே சமயம் ரொம்ப மேலே போனால் விலை அபத்தமாகத் தெரியும், அதனால் எல்லா டம்மிகளும் ஒரே இடத்தில் கும்பலாக நிற்பார்கள்.

மூன்று பேருக்குக் குறைவாகத் தோற்றிருந்தால் இந்த இரண்டாவது கணக்கைப் போடாதீர்கள். இரண்டு எண்ணை வைத்துச் சிதறல் பார்ப்பது கேலிக்கூத்து.

3. ஐட்டம் வாரியாக விலையை வகுத்துப் பாருங்கள்

உண்மையான வேலை இங்கேதான். நான்கு பேரின் 42 விலைகளையும் கையால் தட்டச்சு செய்ய வேண்டும். எனக்கு இரண்டாவது ஆளோடு சரிபார்ப்பதும் சேர்த்து ஒரு முழு நாள் பிடித்தது. ஸ்கேன் செய்த பட்டியலை மென்பொருளை வைத்து எழுத்தாக மாற்றலாமே என்பீர்கள். மாற்றலாம், ஆனால் 1 என்பது 7 ஆகி, அதையே ஒரு 'கண்டுபிடிப்பு' என்று நினைத்து அரை நாள் சுற்றியிருக்கிறேன்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: இது ஐட்டம் ரேட் டெண்டரா, சதவீத டெண்டரா? சதவீத டெண்டரில் அலுவலகமே எல்லா ஐட்டத்துக்கும் விலை போட்டுக் கொடுத்துவிடும், நிறுவனம் அதற்கு மேல் இத்தனை சதவீதம், கீழே இத்தனை சதவீதம் என்று ஒரே எண்ணைத்தான் எழுதும். அதில் எல்லார் விலையும் ஒரே விகிதத்தில்தான் இருக்கும், படிவம் அப்படி. புதிதாக வந்த ஒருவர் இதைப் பார்க்காமல் 'எல்லா ஐட்டத்திலும் விகிதம் மாறவே இல்லை!' என்று அறிக்கை எழுதி எடுத்து வந்த கதை எனக்குத் தெரியும். அந்த ஒருவர் நான்தான்.

ஐட்டம் ரேட் என்றால் ஒவ்வொரு நிறுவனத்தின் விலையையும் ஜெயித்தவரின் விலையால் வகுங்கள்.

```
=ROUND(D2/$B2,3)
```

பி நிறுவனத்தின் வரிசை எப்படி இருந்தது என்றால், ஒரு ஐட்டத்தில் 0.82, அடுத்ததில் 1.31, அதற்கடுத்து 1.04. மேலும் கீழுமாகத் துள்ளியது. இதுதான் ஆரோக்கியமான டெண்டர். ஒருவரிடம் சாரம் சொந்தமாக இருக்கும், இன்னொருவர் வாடகைக்கு எடுப்பார். ஒருவருக்குப் பெயிண்ட் மலிவாகக் கிடைக்கும், இன்னொருவருக்கு ஆள் கூலி குறைவு. தனித்தனியாகக் கணக்குப் போட்டால் விகிதம் துள்ளியே தீரும்.

சி நிறுவனத்தின் வரிசையில் 42-க்கு 37 இடத்தில் 1.06. ஏ 185 என்று போட்ட இடத்தில் சி 196.10. ஏ 1,240 என்றால் சி 1,314.40. ஏ 72.50 என்றால் சி 76.85. விலை போடுகிற மனிதர் 196.10 என்று ஏன் எழுதுகிறார்? 195 என்பார், 200 என்பார். வகுத்துப் பார்ப்பதற்கு முன்பே இந்தப் பத்துப் பைசா நாற்பது பைசாவெல்லாம் கண்ணில் பட்டிருக்க வேண்டும். மீதி ஐந்து ஐட்டங்களில் மட்டும் விலை கொஞ்சம் குறைத்திருந்தது, மொத்தத்தை ஒரு தொகைக்குக் கொண்டுவரக் கடைசியில் கை வைத்ததுபோல.

டி கொஞ்சம் சாமர்த்தியம். முழு எண்ணாக மாற்றியிருந்தார்கள். ஆனாலும் பெரும்பாலான ஐட்டங்களில் விகிதம் 1.07-க்கும் 1.08-க்கும் நடுவிலேயே நின்றது. முழு எண்ணாக்குவது சின்ன விலைகளில்தான் விகிதத்தைக் கலைக்கும். ஆகவே சந்தேகம் வந்தால் விலை பெரிதாக உள்ள ஐட்டங்களை மட்டும் பிரித்து வகுத்துப் பாருங்கள்.

அப்புறம் 23-ஆவது ஐட்டம். டெண்டர் ஆவணத்தில் அளவு 430 சதுர மீட்டர். ஏ நிறுவனம் தன் பட்டியலில் 340 என்று எழுதி, 340-ஆல் பெருக்கித் தொகை போட்டிருந்தது. சரி, இலக்கம் மாறிவிட்டது, மனிதர்தானே. சி நிறுவனமும் 340. டி நிறுவனத்தின் பட்டியலில் அச்சில் 340, அதைப் பேனாவால் அடித்து 430 என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்திருந்தார்கள். பி மட்டும் தொடக்கத்திலிருந்தே 430.

ஒரே பிழையை மூன்று பேர் செய்வதைப் போல வலுவான தடயம் ஃபைலுக்குள் வேறு கிடையாது. ஒரே விலைக்கு நூறு காரணம் சொல்லலாம், ஒரே பிழைக்கு ஒரே பிறப்பிடம்தான் இருக்க முடியும். ஆனால் அந்தப் பிறப்பிடம் நம் அலுவலகமாகவே இருக்கலாம்! முதலில் 340 என்று அச்சிட்டுப் பிறகு திருத்த அறிவிப்பில் 430 ஆக்கியிருந்தால் மூன்று பேரும் பழைய படிவத்தை நிரப்பியிருப்பார்கள், அதில் தப்பொன்றும் இல்லை. ஆகவே டெண்டர் ஆவணத்தின் எல்லாப் பதிப்புகளையும், திருத்த அறிவிப்புகளையும், விளக்கக் கூட்டக் குறிப்பையும், மதிப்பீட்டையும் தேடினேன். 340 எங்கேயும் இல்லை. அதன் பிறகுதான் இந்தத் தடயத்தைக் கணக்கில் எடுத்தேன். இந்தத் தேடலுக்கு அரை நாள் ஆனது, இதைச் செய்யாமல் ஒரு வரியும் எழுதாதீர்கள்.

4. ஆவணத்தில் ஒட்டியிருக்கும் கைரேகை

விலையை விட்டுவிட்டு இப்போது காகிதத்தையே பாருங்கள். முகப்புக் கடிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். ஒரே எழுத்துப்பிழை, ஒரே விசித்திரமான வாக்கியம், ஒரே மாதிரி பக்க எண் போடும் முறை, ஒரு நிறுவனத்தின் கடிதத்தில் இன்னொன்றின் தொலைபேசி எண். நம்ப மாட்டீர்கள், இவையெல்லாம் இருக்கும்.

வங்கி உத்தரவாதத்தில் மூன்றைப் பாருங்கள்: கிளை, தேதி, வரிசை எண். ஏ, சி இரண்டுக்கும் ஒரே கிளை, ஒரே நாள், எண்கள் அடுத்தடுத்து. இதற்கும் அப்பாவிக் காரணம் இருக்கலாம், அந்த வட்டாரத்தில் உத்தரவாதம் கொடுக்கிற கிளை ஒன்றே ஒன்றாக இருக்கும். ஆகவே அந்தக் கிளையிலிருந்து நம் அலுவலகத்துக்கு வந்த மற்ற உத்தரவாதங்களின் எண்களையும் பார்த்தால், ஒரு நாளில் எத்தனை கொடுக்கிறார்கள் என்று ஓரளவு பிடிபடும். ஒருவருக்கான தொகையை இன்னொருவர் கணக்கிலிருந்து கட்டினார்களா என்பதுதான் அசல் கேள்வி, அதை வங்கி உங்களிடம் சொல்லாது. விசாரணை அதிகாரம் உள்ளவர்கள் கேட்டால் சொல்லும். எண்ணைக் குறித்து வைப்பதோடு நம் வேலை முடிந்தது.

கணினிக் கோப்புகள் என்றால், கோப்புக்குள் மறைந்திருக்கும் விவரங்களைப் படித்துக் காட்டும் இலவச exiftool போதும், செலவு எதுவும் இல்லை. அசல் கோப்புகளைத் தொடாமல் ஒரு நகலில் செய்யுங்கள்.

```
exiftool -csv -Author -Creator -Producer -CreateDate -ModifyDate *.pdf > meta.csv
```

சி, டி இரண்டின் தொழில்நுட்ப விவரக் கோப்புகளிலும் Author என்ற இடத்தில் ஒரே பெயர், உருவாக்கிய நேரத்தில் 6 நிமிட வித்தியாசம். இங்கேயும் குழிகள் உண்டு. சில டெண்டர் தளங்கள் ஏற்றும்போதே கோப்பை மாற்றி எழுதிவிடும், அப்போது எல்லார் கோப்பிலும் ஒரே Producer தான் தெரியும், அது தளத்தின் பெயர். பி கோப்பிலும் அதே Producer இருந்தால் அந்த Producer விவரத்தை அப்படியே விட்டுவிடுங்கள். ஸ்கேன் செய்த கோப்பில் ஸ்கேனரின் பெயர்தான் இருக்கும். ஐபி முகவரி ஒன்றாக இருந்தாலும் அப்படித்தான், பல பேர் ஒரே இணைப்பின் பின்னால் இருக்கலாம்.

'நாங்கள் எல்லாரும் ஒரே டைப்பிங் கடையில்தான் கொடுப்போம்' என்பது வழக்கமாக வரும் பதில். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கடைக்காரர் கடிதத்தைத்தான் தட்டச்சு செய்வார், 1.06-ஆல் பெருக்க மாட்டார். அதனால்தான் ஒரு தடயத்தை மட்டும் வைத்துக்கொண்டு நிற்காமல் விலைத் தடயமும் ஆவணத் தடயமும் ஒரே ஜோடி நிறுவனங்களைக் காட்டுகின்றனவா என்று பார்க்கச் சொல்கிறேன்.

5. ஒரு ஃபைலிலிருந்து பல ஃபைலுக்கு

ஒரு டெண்டரில் நடந்தது தற்செயல் என்று சொல்ல முடியும். ஆகவே அதே வகை வேலைக்கு மூன்று வருட டெண்டர்களை எடுத்து ஒரு கட்டம் போடுங்கள். இடது பக்கம் டெண்டர்கள், மேலே நிறுவனங்கள். ஜெயித்தால் ஜெ, தோற்றால் தோ, ஆவணம் வாங்கியும் போடாவிட்டால் வா, போட்டு விலகினால் வி. இதற்கு மென்பொருள் வேண்டாம், பெரிய தாள் ஒன்றே போதும்.

கட்டத்தில் நான் முதலில் பார்ப்பது எப்போதும் தோற்கிற ஆளைத்தான். நம் கட்டத்தில் டி நிறுவனம் 11 முறை போட்டு 11 முறையும் தோற்றிருந்தது. டெண்டர் போடுவதற்குக் காசு ஆகும்: ஆவணக் கட்டணம், உத்தரவாதத்துக்கு வங்கிக் கமிஷன், ஆள் உட்கார்ந்து கணக்குப் போடுகிற நேரம். 11 முறை இந்தச் செலவைச் செய்துவிட்டு விலையை ஒரு முறைகூடக் குறைத்துப் பார்க்காத வியாபாரி யார்? எங்கேயோ அவருக்கு வரவு இருக்கிறது.

அடுத்தது மறுடெண்டர். விலை அதிகம் என்று ரத்து செய்து மறுபடி கூப்பிட்ட டெண்டர்கள் இருந்தால் அவை தங்கம். நேர்மையான போட்டியில் முதல் சுற்றில் நூலிழையில் தோற்றவர் இரண்டாவது சுற்றில் பாய்ந்து முன்னால் வரப் பார்ப்பார், அதனால் வரிசை அடிக்கடி மாறும். முதல் சுற்றில் இருந்த அதே ஆள் ஒவ்வொரு மறுடெண்டரிலும் முதலிடத்திலேயே நின்றால், எல்லாரும் சேர்ந்து ஒரே அளவு இறங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

6. வேலை நடந்த இடத்துக்குப் போங்கள்

தோற்றவருக்குக் கூலி எப்படி வருகிறது? அடுத்த டெண்டர் அவர் முறையாக இருக்கலாம், ரொக்கமாக வந்திருக்கலாம், அல்லது ஜெயித்தவரிடமிருந்து துணை ஒப்பந்தமாக வந்திருக்கலாம். இவற்றில் முதலாவது, அந்த மூன்று வருடக் கட்டத்தில் தெரியும். ரொக்கம் நமக்குத் தெரியாது. துணை ஒப்பந்தம் தெரியும், ஆனால் ஒப்பந்த ஃபைலில் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் அதற்கு அனுமதி வாங்கியிருக்க மாட்டார்கள். வாசல் பதிவேட்டைப் பாருங்கள். பொருள் இறக்கிய சீட்டு, வேலையாட்களின் காப்பீட்டுப் பட்டியல், அளவெடுக்கும்போது ஒப்பந்தக்காரர் தரப்பில் கையெழுத்துப் போட்டவர் யார் என்பதைப் பாருங்கள். வாசல் பதிவேட்டில் சாரக் கம்பி கொண்டுவந்த வண்டிக்கு எதிரே காவலாளி எழுதியிருந்தது டி நிறுவனத்தின் பெயர், ஒரு முறை அல்ல, இரண்டு வாரமாகத் தினமும். அந்தக் காவலாளிக்குத் தோற்றவர் யார் ஜெயித்தவர் யார் என்று தெரியாது, வண்டியில் இருந்த பெயரை எழுதினார்.

வழக்கமான தணிக்கைக் காலத்தில், டெண்டர் ஃபைல் எல்லாம் முடிந்த பிறகு, வேறு பதிவேடுகளோடு சேர்த்து இதையும் கேட்டால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

7. யாரிடம் சொல்வது, எப்படி எழுதுவது

நான் சொதப்பியது இந்த இடத்தில்தான். கண்டுபிடித்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, வழக்கமான தணிக்கை வினாவாகக் கொள்முதல் பிரிவுக்கே அனுப்பிவிட்டேன். அவர்கள் வழக்கப்படி நிறுவனங்களிடம் விளக்கம் கேட்டார்கள். ஒரு வாரத்தில் சி, டி இரண்டிடமிருந்தும் விளக்கம் வந்தது, இரண்டிலும் இரண்டாவது பத்தி வார்த்தை மாறாமல் ஒன்றே. சிரிப்பு வந்தாலும் விஷயம் அதோடு போயிற்று. இனி விசாரணைக்காரர்கள் போனாலும் செல்பேசிச் செய்தியும் மின்னஞ்சலும் மிச்சம் இருக்காது, முன்கூட்டியே மணி அடித்துவிட்டோமே.

ஆகவே விலை, ஆவணம் இரண்டிலும் தடயம் சேர்ந்ததும் தணிக்கை வினா எழுதுவதை நிறுத்துங்கள். கொள்முதல் பிரிவுக்கும் சொல்ல வேண்டாம், உள்ளே யாராவது மதிப்பீட்டையோ ஆவணம் வாங்கியவர் பட்டியலையோ வெளியே கொடுத்திருக்க வாய்ப்பு உண்டு. உங்கள் தலைமைத் தணிக்கையாளர், அவர் வழியாகச் சட்டப் பிரிவு, அவர்கள் வழியாக வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் ஆணையம். சோதனை போடுவதும் சாட்சி எடுப்பதும் அவர்கள் வேலை. பல நாடுகளில் கூட்டிலிருந்து முதலில் வந்து ஒப்புக்கொள்கிறவருக்கு அபராதத்தில் சலுகை உண்டு. விஷயம் கசியாமல் இருந்தால்தான் அந்தச் சலுகைக்கு யாராவது ஓடி வருவார்கள்.

குறிப்பு எழுதும்போது 'சதி நடந்துள்ளது' என்று எழுதாதீர்கள், அதை முடிவு செய்யும் அதிகாரம் நமக்கு இல்லை, மானநஷ்ட வழக்குக்கும் அது வழி. பார்த்ததை மட்டும் எழுதுங்கள்: '42 ஐட்டங்களில் 37-இல் சி-யின் விலை ஏ-யின் விலையைப்போல் 1.06 மடங்கு. 23-ஆவது ஐட்டத்தில் ஏ, சி பட்டியல்களில் அளவு 340. டி பட்டியலில் அச்சில் 340, பேனாவால் 430. வெளியிடப்பட்ட எந்தப் பதிப்பிலும் 340 இல்லை.' அதற்குக் கீழே நீங்கள் சரிபார்த்த அப்பாவிக் காரணங்களையும் எழுதுங்கள், திருத்த அறிவிப்பைத் தேடினோம், இது சதவீத டெண்டர் அல்ல, வங்கிக் கிளை பற்றி இன்னும் தெரியவில்லை என்று. பி நிறுவனத்தின் மேல் தடயம் எதுவும் இல்லை என்பதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் நான்கு பேரையும் ஒரே கட்டாகக் கட்டிவிடுவார்கள், ஒழுங்காக விலை போட்ட ஒரே ஆள் அடுத்த முறை வரவே மாட்டார்.

மொத்தமாக இந்த ஒரு ஃபைலுக்கு எனக்கு ஏழு வேலை நாள் ஆனது. தட்டச்சுக்கு ஒன்று, பதிப்புகளைத் தேட அரை, ஆவணங்களை ஒப்பிட ஒன்றரை, மூன்று வருடக் கட்டத்துக்கு மூன்று, வாசல் பதிவேட்டுக்கு ஒன்று. எல்லா ஃபைலுக்கும் இப்படிச் செய்ய முடியாது. இரண்டாவது படியின் பத்து நிமிடக் கணக்கை எல்லாவற்றுக்கும் போட்டு, மேலே நிற்கிற இரண்டு மூன்றை மட்டும் எடுங்கள். அசல் டெண்டரைக் கையில் வாங்கிய தேதி, யாரிடமிருந்து, எத்தனை பக்கம், நகல் எடுத்தது யார் என்பதை அன்றே ஒரு நோட்டில் எழுதி, டெண்டரைக் கொடுத்தவரிடம் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். டி பட்டியலின் அந்தப் பேனாத் திருத்தம் தணிக்கைக்குப் பிறகு போடப்பட்டதா என்று ஒருவர் கேட்டபோது என்னிடம் இருந்த ஒரே பதில் அந்த நோட்டின் ஒரு வரிதான்.